அகலமான டூட்டி லிஸ்ட், கையளவு திரை

மாதக் கடைசி வந்துவிட்டால் பல மருத்துவமனை வார்டுகளில் இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு வேலை காத்திருக்கும். அடுத்த மாதம் யாருக்கு எந்த நாளில் காலை, யாருக்கு மாலை, யாருக்கு இரவு என்று எக்ஸெல்லில் அட்டவணை போட வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு பத்தி. அதை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காலத்தில் சிக்கல் இல்லை. இப்போது அது வார்டின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படமாகப் போகிறது. போன பத்தாவது நிமிடத்தில் போன் அடிக்கிறது: “சிஸ்டர், எனக்கு நைட்டு 17-ஆ, 18-ஆ? சரியா தெரியலையே.”

தெரியாமல் போவதற்கு அவர் கண் காரணமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் படத்தை யாராலும் படிக்க முடியாது என்பது புரியும்.

24 செவிலியர்கள், 31 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸெல் வழக்கமாகத் தரும் 11 அளவு எழுத்தில், வரிசை எண்ணுக்கு 35 பிக்சல், பெயருக்கு 145, நாள் ஒன்றுக்கு 30, கடைசியில் மொத்தம் போடும் நான்கு பத்திகளுக்கு 180. கூட்டினால் அகலம் 1290 பிக்சல். தலைப்புகளையும் சேர்த்து 27 வரிசை. வரிசைக்கு 20 பிக்சல் உயரம் என்றால் 540. ஆக, நமக்குக் கிடைப்பது உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான ஒரு பட்டை. கையில் நிமிர்த்திப் பிடித்த போனின் திரையோ ஏறத்தாழ 7 செ.மீ. அகலம்தான். 1290 பிக்சலும் அந்த 7 செ.மீட்டருக்குள் அடங்கும்போது ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். நாளிதழில் நாம் படிக்கும் எழுத்து 2 மி.மீ. அளவில் இருக்கும். அதில் கால் பங்குதான் இது.

விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரிதாக்கலாம், ஆனால் நாளிதழ் எழுத்தளவு வரவேண்டுமென்றால் நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது படத்தின் அகலத்தில் கால் பங்கு, அதாவது அதிகபட்சம் பத்து நாள்தான் திரையில் நிற்கும். 17-ஆம் தேதியைத் தேடி வலப்பக்கம் நகர்த்தினால் பெயர்கள் இடப்பக்கம் வெளியே போய்விடும். எக்ஸெல்லில் `Freeze Panes` போட்டிருந்தால் பெயர்ப் பத்தி அசையாமல் நிற்கும். படத்தில் அந்த வசதி கிடையாது. எனவே பார்ப்பவர் தம் பெயரிலிருந்து வரிசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வலப்பக்கம் வருகிறார். வழியில் எங்கோ ஒரு வரிசை தவறுகிறது. மேலே இருப்பவரின் இரவுப் பணியைத் தம்முடையது என்று எடுத்துக்கொள்கிறார். இரவு எட்டு மணிக்கு வார்டில் ஆள் இல்லாமல் போவதோ, ஒரே பணிக்கு இரண்டு பேர் வந்து நிற்பதோ இந்த ஒரு வரிசைத் தவறால்தான்.

எனவே இங்கே இருப்பவை இரண்டு சிக்கல்கள். பெரிதாக்கினால் எழுத்து உடையாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்குப் படத்தில் போதுமான பிக்சல் வேண்டும். பெரிதாக்கிய பிறகும் தாம் எந்தப் பெயரில், எந்தத் தேதியில் நிற்கிறோம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கு அட்டவணையின் வடிவம் மாற வேண்டும். பலரும் முதல் சிக்கலோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள். என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரியது. அதைச் சரிசெய்தால் முதலாவதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

அதற்கு முன், வழக்கத்தில் இருக்கும் இரண்டு குறுக்கு வழிகளைப் பார்த்துவிடலாம். அட்டவணை முழுதும் கணினித் திரையில் அடங்கும்வரை எக்ஸெல்லைச் சிறிதாக்கி, `Windows` விசையோடு `Shift`, `S` அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பது ஒன்று. ஸ்கிரீன்ஷாட் என்பது அந்த நேரத்தில் திரையில் எரியும் பிக்சல்களின் நகல். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. 60 சதவீதத்துக்குச் சுருக்கிவிட்டு எடுத்தால், ஒன்பது பிக்சல் உயரம் இருந்த எழுத்து ஐந்தாறு பிக்சலாகிவிடும். ஐந்து பிக்சலில் `M` என்ற எழுத்துக்கும் `N` என்ற எழுத்துக்கும் வேறுபாடு காட்ட இடமே இல்லை. காலைப் பணிக்கும் இரவுப் பணிக்கும் பல வார்டுகளில் குறியீடுகள் இவைதாம். தமிழில் பெயர் போட்டிருந்தால் முதலில் அழிவது புள்ளி. செல்வி செலவி ஆகிவிடுவார். இப்படித் தொலைந்த பிக்சலைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

மற்றொன்று, கணினித் திரையையே போனால் படம் பிடிப்பது. திரையின் பிக்சல் கட்டங்களும் கேமராவின் உணரிக் கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, படம் முழுதும் அலை அலையாகக் கோடுகள் ஓடும். மெல்லிய எழுத்துகளும் கட்டக் கோடுகளும் அந்த அலைக்குள் மறைந்துபோகும். இந்த வழியை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

இனி வடிவத்துக்கு வருவோம். போன் உயரமானது, அட்டவணை அகலமானது. அட்டவணையைப் போனுக்குத் தக்கபடி திருப்பிப் போட்டால் என்ன? தேதிகள் மேலிருந்து கீழாக இறங்கட்டும். பெயர்கள் தலைப்பில் இடமிருந்து வலமாக வரட்டும். 24 பேரையும் ஒரே படத்தில் அடைக்காமல் எட்டு எட்டுப் பேராக மூன்று படங்களாக்கலாம். தேதிக்கு 75 பிக்சல், ஆளுக்கு 60 என்றால் அகலம் 555. உயரம், தலைப்புகளோடு சேர்த்து, 680 அளவில் வரும். இது நிமிர்ந்த வடிவம், போனில் இயல்பாக உட்காரும். எழுத்து இப்போது பெரிதாக்காமலேயே 1.2 மி.மீ. இருக்கும். இளம் கண்களுக்கு இதுவே போதும். மற்றவர்கள் இரண்டு மடங்குக்கும் குறைவாகப் பெரிதாக்கினாலே நாளிதழ் எழுத்தளவு கிடைத்துவிடும். தம் பத்தியை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போகலாம். தேதியும் பக்கத்திலேயே இருக்கும்.

திருப்புவதற்குக் கையால் மறுபடி அடிக்கத் தேவையில்லை. மூல அட்டவணை `Duty` என்ற தாளில் இருக்கட்டும். மூன்றாவது வரிசையில் தேதிகள், `B` பத்தியில் பெயர்கள், `C` முதல் `AG` வரை 31 நாட்கள். புதிய தாள் ஒன்றைத் திறந்து இப்படி எழுதினால் போதும்:

```
=TRANSPOSE(Duty!B3:AG11)
```

தேதி வரிசையும் முதல் எட்டுப் பேரும் திரும்பிப்போய் 32 வரிசை, 9 பத்தியாக உட்காரும். பழைய எக்ஸெல் என்றால் முதலில் அத்தனை கட்டங்களையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சூத்திரத்தை அடித்து, `Ctrl`, `Shift`, `Enter` மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். `Paste Special` வழியாகவும் திருப்பலாம் என்றாலும், அது அந்த நேரத்து நகலை மட்டும் தரும். சூத்திரமோ மூலத்தோடு இணைந்தே இருக்கும். ஒருவர் விடுப்புக் கேட்டு மூலத் தாளில் ஒரு கட்டத்தை மாற்றினால் திருப்பிய தாளும் உடனே மாறும். மாதத்தில் நான்கைந்து முறை திருத்தப்படும் அட்டவணைக்கு இதுதான் பொருத்தம்.

இந்தச் சூத்திரத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மூலத்தில் காலியாக விட்ட கட்டம், திருப்பிய தாளில் 0 என்று தெரியும். ஓய்வு நாளைக் குறிக்கச் சிலர் `O` போடுவார்கள். அது 0-வோடு குழம்பும். எனவே மூலத் தாளில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல், ஓய்வுக்கென்று ஒரு தெளிவான குறியைப் போட்டுவிடுங்கள். அடுத்தது தேதி. திருப்பியதும் 45839, 45840 என்று ஐந்திலக்க எண்கள் வந்து பயமுறுத்தும். எக்ஸெல் தேதிகளை உள்ளுக்குள் எண்களாகத்தான் வைத்திருக்கிறது. 45839 என்பது 2025 ஜூலை 1. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, `Format Cells` பெட்டியில் `Custom` பகுதியில் `d ddd` என்று அடித்தால் `1 Tue` என்று தேதியும் கிழமையும் சேர்ந்து வரும். கிழமை பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் முன்பின் பார்க்கும் தவறு பெருமளவு குறையும். ஞாயிற்றுக்கிழமை டூட்டியா இல்லையா என்பது எல்லோருக்கும் நினைவில் நிற்கும் செய்தி.

குறியீடுகளிலும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். 60 பிக்சல் அகலம் கிடைத்துவிட்டதால் `M`, `N` என்று ஒற்றை எழுத்தில் சிக்கனம் பிடிக்க வேண்டியதில்லை. ‘காலை’, ‘மாலை’, ‘இரவு’ என்றே எழுதலாம். ஆனால் ‘காலை’யும் ‘மாலை’யும் முதல் எழுத்தில் மட்டுமே வேறுபடுபவை, சிறிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அதனால் இரவுக் கட்டத்துக்கு வெளிர் நீலம், மாலைக்கு வெளிர் மஞ்சள் என்று பின்னணி கொடுத்து, காலையை வெள்ளையாக விடுவது நல்லது. `Conditional Formatting` வழியாக இதை ஒருமுறை அமைத்தால் மாதாமாதம் தானாகவே வரும். எழுத்து மட்டும் எப்போதும் கறுப்பாகவே இருக்கட்டும். சிவப்பு எழுத்து, பச்சைப் பின்னணி போன்றவை கணினியில் பளிச்சென்று இருக்கும். வாட்ஸ்அப்பைக் கடந்து வந்தால் ஓரங்கள் கசிந்திருக்கும். படங்களைச் சுருக்கும் ஜேபெக் முறை வெளிச்ச வேறுபாட்டைத் துல்லியமாகவும் நிற வேறுபாட்டை அதைவிடக் குறைந்த நுணுக்கத்திலும் சேமிக்கிறது. மனித முகங்களும் மலைகளும் உள்ள படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய எழுத்தில் உடனே தெரியும். வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து என்றால், படிப்பதற்கு வேண்டிய வேறுபாடு முழுதும் வெளிச்சத்திலேயே இருப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது.

இப்போது படமாக்குவது. எக்ஸெல்லுக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. பல ஆண்டுகள் எக்ஸெல்லில் புழங்கியவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. முதலில் `View` பகுதியில் `Gridlines` குறியை எடுத்துவிட்டு, அட்டவணைக்கு மட்டும் மெல்லிய கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வலக்கீழ் மூலையில் உள்ள அளவை 230 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அட்டவணை திரையை விட்டு வெளியே வழியும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வேண்டிய கட்டங்கள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Home` பகுதியில் `Copy` பொத்தானின் பக்கத்தில் இருக்கும் சிறு அம்பை அழுத்தினால் `Copy as Picture` என்று வரும். அதில் `As shown on screen` என்பதையும் `Bitmap` என்பதையும் தேர்ந்தெடுங்கள். திரையில் தெரியாத பகுதியும் சேர்ந்து, பெரிதாக்கிய அளவிலேயே படமாகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டால் ஆகாத காரியம் இதுதான்.

அதை பெயின்ட் செயலியில் ஒட்டி, `PNG` வகையில் சேமிக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பெயின்ட்டின் வெள்ளைத் தாளை மூலையைப் பிடித்து இழுத்துச் சிறியதாக்கிவிடுங்கள். தாள் பெரியதாக இருந்தால் படத்தின் வலப்பக்கமும் கீழும் வெறும் வெள்ளை சேர்ந்து சேமிக்கப்படும். போனில் அந்த வெள்ளையும் இடம் பிடித்துக்கொண்டு எழுத்தைச் சுருக்கிவிடும். பெயின்ட்டின் அடிவரியில் படத்தின் அளவு பிக்சலில் தெரியும். நம் கணக்குப்படி அகலம் 1280, உயரம் 1560 அளவில் வரவேண்டும். சில லேப்டாப்களில் விண்டோஸே எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதம் பெரிதாகக் காட்டும். அங்கே எண்கள் கூடுதலாக வரும். அப்போது எக்ஸெல்லின் அளவைக் குறைத்து மறுபடி எடுத்தால் சரியாகிவிடும்.

சேமித்த படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரிதாக்கும்போது எழுத்தும் கட்டமும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. ஓரிரு பிக்சல் முன்பின் ஆகும். அதனால் 100 சதவீதத்தில் ஒழுங்காகத் தெரிந்த தேதி, 230 சதவீதத்தில் `####` என்று ஆகியிருக்கலாம். பத்தியைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும். தமிழ்ப் பெயர்களில் எழுத்துக்கு அடியில் இறங்கும் உகரக் கொக்கிகள் வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வரிசை உயரம் 20 பிக்சல் என்பது ஆங்கில எழுத்துக்காக வைத்த அளவு. தமிழ் எழுத்துருக்களில் பலவற்றுக்கு 24 கொடுத்தால்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்படிக் கொடுத்தால் மொத்த உயரமும் கூடும். எக்ஸெல்லின் அளவை 200 சதவீதம் பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள்.

லிப்ரெ ஆஃபிஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, `File` பட்டியலில் `Export` போய், `PNG` வகையையும் `Selection` குறியையும் போட்டால், அகலம் எத்தனை பிக்சல் வேண்டும் என்று அதுவே கேட்கும். கூகுள் ஷீட்ஸில் படமாக இறக்கும் நேர்வழி இல்லை. பிடிஎஃப் ஆக இறக்கி, அதிலிருந்து படமாக்கிக்கொள்ள வேண்டும்.

உயரத்தை ஏன் 1560-இல் நிறுத்தினோம் என்பதற்கு விடை வாட்ஸ்அப்பில் இருக்கிறது. சாதாரணத் தரத்தில் படம் அனுப்பினால், அது நீளமான பக்கத்தை ஏறத்தாழ 1600 முதல் 2000 பிக்சலுக்குள் சுருக்கி, ஜேபெக்காக மாற்றித்தான் அனுப்புகிறது. ஆசைப்பட்டு 5000 பிக்சலில் படம் எடுத்தாலும் சேருவது அந்த அளவுதான். அதுவும் வழியில் சுருக்கப்பட்டு, எழுத்தின் ஓரங்கள் மழுங்கி. முதலிலேயே 1600-க்குள் எடுத்துவிட்டால் சுருக்க வேண்டிய தேவை வராது. படத்தின் அளவு குறையாமலே போய்ச் சேரும். பழைய அகல அட்டவணையை இதே எல்லைக்குள் அனுப்பினால் எழுத்தின் உயரத்துக்குப் பன்னிரண்டு பிக்சல்தான் கிடைக்கும். திருப்பிப் போட்டு மூன்றாகப் பிரித்த படத்தில் இருபதுக்கும் மேல் கிடைக்கிறது. அட்டவணையின் வடிவத்தைச் சரிசெய்தால் பிக்சல் சிக்கலில் பாதி தீரும் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் ‘எச்.டி.’ பொத்தானைக் கொண்டுவந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அனுப்பும் முன் மேலே தெரியும் `HD` என்பதைத் தொட்டால் கூடுதல் பிக்சலோடு போகும்.  எதுவும் குறையாமல் அப்படியே போகவேண்டுமென்றால், படமாக அனுப்பாமல் `Document` வழியாக `PNG` கோப்பையே இணைக்கலாம். அதில் ஒரு பிக்சலும் மாறாது. ஆனால் குழுவில் தொட்டவுடன் விரியும் படத்தைப்போல் எல்லாப் போன்களிலும் அது திறக்காது. இரவுப் பணி முடித்துப் பேருந்தில் வருகிறவர் ஒரு தொடுதலில் பார்க்க வேண்டும் என்றால் படமாக அனுப்புவதே என் தேர்வு. கோப்பு, கணக்குப் பார்க்க வேண்டிய ஒருவருக்குத் தனியாகப் போகட்டும்.

எக்ஸெல் கோப்பையே குழுவில் போட்டுவிடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. கோப்போடு மறைத்து வைத்த பத்திகளும் போகும். தொலைபேசி எண், விடுப்புக்கான காரணம், யாருடைய மருத்துவச் சான்று நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் அப்படி மறைத்த பத்திகளில்தான் வழக்கமாக இருக்கும். படத்தில் அந்த ஆபத்து இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் அதில் இருக்கும்.

படத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூலம் மாறினாலும் அது மாறாது. 28-ஆம் தேதி அனுப்பிய அட்டவணையை 30-ஆம் தேதி திருத்தினால், பழைய படம் பலரின் கேலரியில் அப்படியே கிடக்கும். அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். எனவே ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும், தேர்ந்தெடுக்கும் கட்டங்களுக்குள் விழும்படி, ‘ஜூலை 2025, பகுதி 1, திருத்தம் 2, ஜூன் 30 மாலை 5 மணி’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இதற்கு `=NOW()` போடாதீர்கள். தாள் கணக்கிடும் ஒவ்வொரு முறையும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். எது எப்போது திருத்தப்பட்டது என்று பிறகு சொல்ல முடியாது. கையால் அடித்த தேதிதான் நிலைக்கும். புதிய படத்தைப் போடும்போது பழையதை `Delete for everyone` கொடுத்து நீக்குங்கள். அனுப்பி இரண்டரை நாளுக்குள் என்றால் வாட்ஸ்அப் அதை அனுமதிக்கிறது. யாருடைய எந்த நாள் மாறியது என்பதைப் படத்தின் அடியில் எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் பெயரை வாட்ஸ்அப்பின் தேடல் கண்டுபிடிக்காது. அடியில் அடித்த பெயரைக் கண்டுபிடிக்கும்.

குழுவில் போடுவதற்கு முன் ஒருமுறை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். கணினியில் பார்த்துத் திருப்திப்படாமல், போய்ச் சேர்ந்த படத்தைப் போனில் திறந்து, மூன்று படங்களிலும் கடைசிப் பத்தியில் இருப்பவரின் 17-ஆம் தேதியைத் தேடிப் படியுங்கள். பெரிதாக்காமலோ ஒருமுறை பெரிதாக்கியோ அதைப் படிக்க முடிந்தால் படத்தைக் குழுவில் போடலாம். முடியவில்லை என்றால் எட்டுப் பேரை ஆறாகக் குறைத்து நான்கு படங்களாக்குங்கள். எழுத்தளவைக் கூட்டுவதைவிட அது நிச்சயமாகப் பலன் தரும்.